குடைந்த பிரிண்ட் 'டப்' என்று கத்தினால்: ரெசின் பிரிண்டில் உறிஞ்சல், வடிகால் துளை, சப்போர்ட் தழும்பு

பண்ருட்டிப் பக்கம் கொலு பொம்மை வார்க்கும் ஒரு அண்ணனுக்காக ரெசின் 3டி பிரிண்டரில் போட்ட பிள்ளையார்தான் இந்தக் கட்டுரைக்கு முதல். 14 செ.மீ. உயரம், பீடம் 8 செ.மீ. அகலம், 7 செ.மீ. ஆழம். அதைச் சிலிக்கான் அச்சுக்கு மூலப் பொம்மையாக வைக்க வேண்டும், முகத்தில் ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது என்பது அவர் நிபந்தனை. திடமாகப் போட்டால் 310 மி.லி. ரெசின் குடிக்கும். 2.5 மி.மீ. சுவர் விட்டுக் குடைந்தால் 120 மி.லி.யில் முடிந்துவிடும். அதனால் குடைந்தேன், நான்கு முறை கெடுத்தேன். அதற்குப் பிறகு வேறு பொம்மைகளிலும் அதே கோளாறுகள் அதே வரிசையில்தான் வருகின்றன. எனவே கண்ணில் படும் அறிகுறியை வைத்தே பிரித்து எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மெஷின்களில் பொம்மை தலைகீழாகத் தொங்கியபடி வளர்கிறது. மேலே தட்டு, கீழே தொட்டியின் ஃபிலிம். குடைந்த பொம்மை வளரும்போது, வாய் ஃபிலிம் பக்கம் இருக்கும் ஒரு கிண்ணம் அது. காற்று நுழைய வழியில்லையென்றால், தட்டு ஏறும்போது அது ஃபிலிமை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழே வரும் எல்லா யோசனையும் அந்தக் கிண்ணத்தைப் பற்றியதுதான்.

## அறிகுறி 1: தட்டு ஏறும்போது 'டப்' சத்தம், பொம்மை ஃபிலிமிலேயே ஒட்டிக்கிடக்கிறது

முதலில் எங்கே அறுந்தது என்று பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

சப்போர்ட்டின் அடித்தட்டே பெயர்ந்து ஃபிலிமில் கிடந்தால்: குடைதலைக் குறை சொல்ல வேண்டாம். தட்டின் லெவலும் அடி லேயர்களின் எக்ஸ்போஷர் நேரமும்தான் பார்க்க வேண்டியவை. தட்டை ஐபிஏ என்னும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்து, லெவலைத் திரும்ப வைத்து, ஒரு சின்னத் திட வில்லையைப் போட்டுப் பாருங்கள். அதுவும் பெயர்ந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இப்போது தேவையில்லை.

சப்போர்ட் தட்டில் நிற்க, பொம்மை மட்டும் கீழே இருந்தால்: உறிஞ்சலாக இருக்கலாம், சப்போர்ட் நோஞ்சானாகவும் இருக்கலாம். அறுந்த சப்போர்ட் நுனிகள் எல்லாம் ஒரே உயரத்தில், அதாவது பொம்மை தொடங்கிய சில லேயர்களுக்குள், போயிருந்தால் சப்போர்ட் போதவில்லை. பொம்மை ஒன்றிரண்டு செ.மீ. நன்றாக வளர்ந்த பிறகு கழன்றிருந்தால் உறிஞ்சல்.

பொம்மையே குறுக்காக, ஓர் உயரத்தில் கிழிந்திருந்தால்: சந்தேகமே வேண்டாம், கிண்ணம்தான்.

என் பிள்ளையாரில் நடந்தது மூன்றாவது. "ஓட்டை போட்டேனே, அப்புறம் ஏன் உறிஞ்சுது?" என்று நானே தலையைச் சொறிந்தேன். துளை இருந்தது. பீடத்தின் அடியில், சரியாக நடுவில், 3.5 மி.மீ. விட்டத்தில் அழகாக இருந்தது. பிரச்சினை, அது எப்போது திறக்கிறது என்பதில்.

முகம் ஃபிலிம் பக்கம் இருக்கட்டும் என்று பொம்மையை 35 டிகிரி பின்னால் சாய்த்திருந்தேன். சாய்த்ததும் பீடத்தின் பின் விளிம்புதான் தட்டுக்கு மிக அருகில் வருகிறது, முதலில் அச்சாவதும் அதுதான். உள்ளிருக்கும் குழியும் அந்தப் பின் மூலையிலேயே தொடங்குகிறது. நடுவில் இருக்கும் துளையோ அந்த விளிம்பிலிருந்து 35 மி.மீ. தள்ளி. 35 டிகிரி சாய்வில் கணக்குப் போட்டால், குழி தொடங்கி ஏறத்தாழ 17 மி.மீ. கழித்துத்தான் துளை உள்ளே எட்டுகிறது. 0.05 மி.மீ. லேயரில் அது 350 லேயர். அத்தனை லேயரும் மூச்சுவிட வழியில்லாத கிண்ணம்.

அந்தக் கட்டத்தில் கிண்ணத்தின் வாய் 37 × 75 மி.மீ., சுமார் 28 சதுர செ.மீ. காற்றின் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ என்று வைத்தால், உச்சத்தில் 28 கிலோ இழுப்பு. ஃபிலிம் வளைந்து கொடுப்பதால் நிஜத்தில் அவ்வளவு ஏறாது. ஆனால் அதில் கால்வாசி போதும், சப்போர்ட்டைப் பிடுங்கிவிடும்.

பார்க்க வேண்டியதை எளிதிலிருந்து செலவு பிடிப்பது வரை சொல்கிறேன்.

முதலில், ஸ்லைசரில் லேயர் ஸ்லைடரைக் கீழிருந்து மெதுவாக நகர்த்துங்கள். வெள்ளைக்குள் கறுப்பு முதல்முதலாகத் தெரியும் லேயர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குழி அங்கே பிறக்கிறது. பிறகு அந்தக் கறுப்பு வெளிக் கறுப்போடு ஒரு வாய்க்காலால் சேரும் லேயரைக் குறியுங்கள். துளை அங்கே திறக்கிறது. இரண்டுக்கும் இடையில் 20, 30 லேயருக்குள் இருந்தால் நிம்மதி. நூறைத் தாண்டினால் துளையை நகர்த்த வேண்டும். இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் பத்தில் எட்டுப் பேர் செய்வதில்லை. நானும் அந்த எட்டில் இருந்தவன்தான்.

நான் துளையைப் பின் விளிம்பிலிருந்து 6 மி.மீ. தூரத்துக்குக் கொண்டுபோனேன். குழி பிறந்து 20 லேயருக்குள் திறந்தது. சத்தம் போயே போய்விட்டது. சாய்வை மாற்றும் ஒவ்வொரு முறையும் தட்டுக்கு அருகில் வரும் மூலையும் மாறும் என்பதால், துளையைப் போட்டுவிட்டுச் சாய்க்காதீர்கள். சாய்த்து முடித்த பிறகே துளை, துளைக்குப் பிறகே சப்போர்ட். வரிசை தப்பினால் தானியங்கி சப்போர்ட் ஒன்று நேராகத் துளை வாயில் போய் நிற்கும்.

இரண்டாவது, துளை சுவரை முழுக்கக் கடந்திருக்கிறதா என்று பாருங்கள். சுவர் 2.5 என்று கொடுத்தாலும் மூலைகளில் குடைதல் உருண்டுவிடும், அங்கே கனம் 4, 5 மி.மீ. இருக்கும். துளை ஆழம் 3 என்று இருந்தால் அது வெறும் பள்ளம். வெளியிலிருந்து பார்த்தால் துளை மாதிரியே இருப்பதுதான் கொடுமை. யூவிடூல்ஸ் வைத்திருப்பவர்கள் ஸ்லைஸ் செய்த கோப்பை அதில் திறந்தால் `Suction cups`, `Resin traps` என்று தனித்தனியாகவே காட்டிக் கொடுக்கும்.

மூன்றாவது, துளை சரியாக இருந்தும் சத்தம் வந்தால் தூக்கும் வேகத்தைக் குறையுங்கள். நிமிடத்துக்கு 60 மி.மீ. என்றிருந்தால் 40 வையுங்கள். துளை இல்லாத குறையை வேகம் தீர்க்காது. பொம்மை ஒருவேளை தப்பிப் பிழைக்கும், ஃபிலிம் சீக்கிரம் தொய்ந்துவிடும்.

கடைசியில் ஃபிலிம். விரல் நகத்தால் தட்டினால் மத்தளம் மாதிரி இறுக்கமாகக் கேட்க வேண்டும். வெண்மையாக மங்கி, நடுவில் குழிந்திருந்தால் மாற்றுங்கள். ஃபிலிம் மாற்றியும், துளை சரியாக இருந்தும், ஒரே பக்கம் மட்டும் திரும்பத் திரும்பக் கழன்றால் தட்டின் கை, ஸ்க்ரூ, லெவல் ஏதோ இளகியிருக்கிறது. அங்கே மெஷின் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுவிடுங்கள்.

## அறிகுறி 2: பொம்மை முழுதாக வந்தது, ஆனால் சுவரில் ஒரு கோடு, உள்வாங்கல் அல்லது பொத்தல்

ஒற்றைக் கோடு: பொம்மையைச் சுற்றி பெல்ட் கட்டியதுபோல ஒரு வரி ஓடும். ஸ்லைடரில் அந்த உயரத்துக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் துளை திறக்கும் லேயரோ, குழி மூடும் லேயரோ அங்கே இருக்கும். இழுப்பு திடீரென்று குறைவதால் லேயர் ஒரு நூல் நகர்ந்துவிடுகிறது. என் இரண்டாவது பிள்ளையார் கிழியாமல் பிழைத்துக்கொண்டாலும் பீடத்தில் இந்தக் கோட்டோடுதான் வந்தார். துளையைப் பின் விளிம்பருகே கொண்டுபோனதும் கோடும் மறைந்தது.

அதே தட்டில் இன்னொரு திடப் பொம்மையும் இருந்து, அதிலும் அதே உயரத்தில் கோடு இருந்தால் அது குடைதலின் வேலை இல்லை. மேலும் கீழும் ஓடும் ஸ்க்ரூவைத் துடைத்து கிரீஸ் போடுங்கள். அப்படியும் அதே உயரத்தில் வந்தால் சர்வீஸ்தான்.

சுவர் உள்வாங்கி, டப்பா நசுங்கியது போல இருந்தால்: சுவர் மெல்லிசு. 1.2 மி.மீ. சுவரில் ரெசின் மிச்சம் பிடித்துப் பெருமைப்பட்டவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். கைக்குள் அடங்கும் பொம்மைக்கு 2, ஒரு சாண் பொம்மைக்கு 2.5 முதல் 3 என்று வையுங்கள். தொப்பை போன்ற உருண்ட இடம் தாங்கிக்கொள்ளும். பீடத்தின் பக்கம் போன்ற தட்டையான இடம்தான் முதலில் வளையும்.

சுவரில் பொத்தல், அந்தத் துண்டு ஃபிலிமில்: கிண்ணம் தானாகவே துளை போட்டுக்கொண்டது. உங்களுக்கு எங்கே துளை தேவைப்பட்டது என்பதை அதுவே சொல்லிவிட்டது. அடுத்த பிரிண்டுக்கு முன் தொட்டியில் அந்தத் துண்டு மிதக்கிறதா என்று ரெசினை வடிகட்டிப் பார்த்தே ஆக வேண்டும். அப்படியே தட்டை இறக்கினால் துண்டு ஃபிலிமைக் குத்தி, அடியிலிருக்கும் எல்சிடி வரை போகும்.

## அறிகுறி 3: நன்றாக இருந்த பொம்மை சில நாள் கழித்துக் கசிகிறது, பிசுபிசுக்கிறது, வெடிக்கிறது

இதுதான் வாடிக்கையாளரிடம் பெயரைக் கெடுக்கும் கோளாறு. பிரிண்ட் போட்டவன் மேஜையில் எதுவும் தெரியாது.

மூன்றாவது பிள்ளையாரைக் கோடு இல்லாமல், பளிச்சென்று அனுப்பினேன். ஆறாம் நாள் அண்ணனிடமிருந்து போன். "தம்பி, சிலிக்கான் ஊத்துனேன்பா. எல்லாப் பக்கமும் நல்லா இறுகிடுச்சு, பீடத்துக்கிட்ட மட்டும் சளி மாதிரி கொழகொழன்னு நிக்குது." அவர் ஊற்றியது பிளாட்டினம் வகைச் சிலிக்கான். இறுகாத ரெசின் பட்ட இடத்தில் அது இறுகவே இறுகாது. உள்ளே தங்கியிருந்த ரெசின் துளை வழியே ஒரு சொட்டு வெளியே வந்திருக்கிறது. ஒரு சொட்டுதான், அச்சு முழுக்கக் குப்பைக்குப் போயிற்று.

உள்ளே எப்படித் தங்கியது? பிரிண்ட் முடிந்து தட்டு மேலே ஏறியதும் பீடம் மேலே, தலை கீழே. என் துளை பீடத்தில். உள்ளிருந்த ரெசின் எல்லாம் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உறிஞ்சலைத் தடுக்கும் துளை வேறு, வடிக்கும் துளை வேறு என்பது அன்றுதான் உறைத்தது.

இதற்குத் தலையின் பின்னால் ஒரு துளை போடச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். பெரிய பொம்மை, பின்பக்கம் யாரும் பார்க்காதது என்றால் அது சரி, தொங்கும்போதே வடிந்துவிடும். மூலப் பொம்மையில் எனக்கு அது பிடிக்காது, அடைத்தாலும் தடம் தெரியும். பீடத்திலேயே இரண்டாவது துளையை எதிர் மூலையில், முன் விளிம்பருகே வைத்தேன். தட்டிலிருந்து எடுத்ததும் தொட்டிக்கு மேல் பொம்மையை நிமிர்த்தி, ஒரு துளை கீழே இருக்கும்படி சாய்த்துப் பிடித்தால், ஒன்று காற்றை வாங்கும், இன்னொன்று ரெசினை விடும். எண்ணெய் டின்னில் இரண்டு பக்கமும் ஓட்டை போடுவோமே, அதே கதை. ஒரே துளை என்றால் 'குளக் குளக்' என்று அரை மணி நேரம் ஆட்டினாலும் மிச்சம் இருக்கும்.

துளை அளவு 3.5 மி.மீ. என்று கொடுங்கள். ஓரங்களில் ஒளி கசிந்து இறுகுவதால் கைக்கு வரும்போது 3தான் இருக்கும். 1.5 மி.மீ. துளை படத்தில் அழகாக இருக்கும், ரெசின் அதில் சவ்வு மாதிரி நின்றுகொள்ளும்.

இனி சோதனைகள். வடித்த பிறகு ஊசி போடாத சிரிஞ்சில் ஐபிஏ நிரப்பி ஒரு துளையில் அடியுங்கள், மற்றதில் வருவதை வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். நிறம் இல்லாமல் வரும்வரை அடிக்க வேண்டும். என் பிள்ளையாருக்கு ஐந்து சிரிஞ்ச் ஆயிற்று. பிறகு டிஷ்யூ காகிதத்தைத் திரித்துத் துளைக்குள் விட்டு, துளை கீழே இருக்கும்படி ஒரு இரவு வைத்துவிடுங்கள். காலையில் காகிதத்தில் நிறம் இருந்தால் இன்னும் வேலை பாக்கி. நான் எடையும் பார்ப்பேன். ஸ்லைசர் சொன்ன மி.லி.யை 1.1ஆல் பெருக்கினால் ஏறக்குறைய கிராம் வரும். சப்போர்ட்டைக் கழித்தும் பத்துப் பதினைந்து கிராம் கூடுதல் என்றால் தலைக்குள் குளம் இருக்கிறது.

உள்பக்கம் உலர்ந்த பிறகு, துளை வழியே நுழையும் சின்ன 405 நானோமீட்டர் எல்இடியை ஒயரில் கட்டி உள்ளே விட்டுச் சில நிமிடம் எரிய விடுங்கள். வெளியே வைக்கும் யூவி விளக்கு கனமான, நிறமுள்ள சுவரைத் தாண்டி உள்ளே போகாது. ஐபிஏ ஈரம் இருக்கும்போது ஒயரை விடாதீர்கள், அது தீப்பற்றும் ஆவி. துளையை அடைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. அவசரப்பட்டு அடைத்தால் இறுகாத ரெசினைச் சிறைவைத்ததாகும். அது நாள்போக்கில் சுவரை உள்ளிருந்து தள்ளி, தொப்பையிலோ கழுத்திலோ மயிரிழை விரிசலாக வெளியே வரும்.

ஏற்கெனவே கசியும் பொம்மை கையில் இருந்தால், மறைவான இடத்தில் கைத் துரப்பணத்தால் 2 மி.மீ.யில் இன்னொரு துளை போட்டு மேலே சொன்னதையெல்லாம் செய்யலாம். விரிசல் கண்டுவிட்டதா, மெனக்கெட வேண்டாம். திரும்பப் போடுங்கள்.

இரண்டு துளை வைத்தும் ஏதோ ஒரு பொந்தில் மட்டும் ரெசின் தங்குகிறது என்றால், தும்பிக்கை, விரல், காது மடல் போன்ற ஒடுங்கிய இடங்களுக்குள்ளும் குடைந்திருக்கிறீர்கள். பிரூசாஸ்லைசரில் `Closing distance` என்ற அளவைக் கூட்டினால் அந்தப் பொந்துகள் மூடிக்கொள்ளும். மற்றவற்றில் சுவர் கனத்தை அரை மி.மீ. ஏற்றினாலே பெரும்பாலும் சரியாகும். உள்ளே தேன்கூடு, கட்டம் போட்ட நிரப்பல் எதையும் வைக்காதீர்கள், ஒவ்வோர் அறையும் ஒரு பொந்து. குடைந்த கோப்பு சிதறலாக, உள்ளே மிதக்கும் துண்டுகளோடு வந்தால் மூல மாடலே உடைந்தது. ஒட்டுப்போட்டுச் சரிவரவில்லையென்றால் மாடல் செய்தவரிடமே திருப்பி அனுப்புவதுதான் நேரத்துக்கு மலிவு.

## அறிகுறி 4: முகத்திலும் தொப்பையிலும் சப்போர்ட் தழும்பு

தழும்பு இரண்டு வகை. அதைப் பிரித்துப் பார்க்காமல் சாண்ட்பேப்பரை எடுக்காதீர்கள்.

பள்ளமாக இருந்தால்: யூவியில் முழுக்க இறுக்கிய பிறகு சப்போர்ட்டைப் பிய்த்திருக்கிறீர்கள், அல்லது நுனி பொம்மைக்குள் ஆழமாகப் போயிருக்கிறது. கழுவியதும், இறுக்குவதற்கு முன், கைபொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்தால் சப்போர்ட் ரப்பர் மாதிரி ஆகி, தானாக உரிந்து வரும். கையுறை கழற்றாதீர்கள், அந்த நீரையும் வாஷ்பேசினில் கொட்டாதீர்கள், வெயிலில் வைத்து ரெசினை இறுக்கி வடிகட்டியெடுங்கள். விழுந்துவிட்ட பள்ளத்துக்கு, ஊசி நுனியில் அதே ரெசினை ஒரு துளி வைத்து யூவி டார்ச் அடித்துத் தேய்க்கலாம்.

மேடாக, பரு மாதிரி இருந்தால்: கவலையில்லை. தட்டையான கட்டரால் நறுக்கி, 400, பிறகு 800 தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும்.

தழும்பு இருக்கும் இடமே தவறு என்றால்: பொம்மையை நிறுத்திய கோணம்தான் மாற வேண்டும். தட்டைப் பார்க்கும் பரப்பில்தான் சப்போர்ட் விழும். எனவே எந்தப் பக்கம் கெட்டால் பரவாயில்லை என்பதை முதலில் முடிவுசெய்து, அதைத் தட்டின் பக்கம் திருப்புங்கள். பிள்ளையாரில் அது பீடத்தின் அடியும் முதுகும். 35 டிகிரியில் அடிப்பரப்பு முழுக்கத் தடித்த சப்போர்ட் தாங்கிக்கொண்டது. முதுகு போதிய செங்குத்தாக இருந்ததால் இடுப்புக்கு மேல் ஏதும் தேவைப்படவில்லை. முழங்கை இரண்டும், காது மடலின் கீழ் நுனியும் மட்டும் அந்தரத்தில் தொடங்கின. அவற்றுக்கு 0.3 மி.மீ. நுனியில் மெல்லிய சப்போர்ட், பின்னாலிருந்து. முகத்தில் பூஜ்யம்.

நேராக நிறுத்தினால் இன்னும் குறைவாகத் தழும்பு வருமே என்று கேட்பீர்கள். வரும். ஆனால் பீடத்தின் முழுப் பரப்பும் ஒரே லேயரில் ஃபிலிமோடு ஒட்டும், இழுப்பு எகிறும், தாடைக்கும் தும்பிக்கைக்கும் அடியில் முன்பக்கமே சப்போர்ட் தேவைப்படும். 60 டிகிரிக்கு மேல் படுக்க வைத்தால் முதுகு முழுக்க அம்மைத் தழும்பு, முகத்தில் லேயர் படிக்கட்டு. 30க்கும் 45க்கும் நடுவில் எங்கோதான் பெரும்பாலான உட்கார்ந்த உருவங்களுக்கு இடம் இருக்கிறது. கோணத்தை ஐந்து டிகிரி மாற்றினாலும் அறிகுறி 1-இல் சொன்ன ஸ்லைடர் சோதனையைத் திரும்பச் செய்ய மறக்காதீர்கள். என் நான்காவது பிள்ளையார் கெட்டது அந்த மறதியால்தான். பக்கவாட்டில் ஒரு பத்து டிகிரி திருப்பினேன், தட்டுக்கு அருகில் வரும் மூலை வலப்பக்கம் மாறியது, துளை இடப்பக்கமே நின்றது.

## கையை எடுத்துவிட வேண்டிய இடம்

தொட்டிக்கு அடியில், எல்சிடி கண்ணாடியின் மேல் ரெசின் ஈரம் தெரிந்தால் அப்போதே மெஷினை அணையுங்கள். இறுகாமல் ஈரமாக இருந்தால் ஐபிஏ நனைத்த துணியால் மேலோட்டமாகத் துடைக்கலாம். இறுகிப் படலமாகியிருந்தாலோ கண்ணாடியின் ஓரத்தில் உள்ளே இறங்கியிருந்தாலோ சுரண்டாதீர்கள், திரை மாற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். ஃபிலிமில் குத்து இருக்கிறதா என்று பார்க்க, தொட்டியைக் காலி செய்து, உலர்ந்த டிஷ்யூவின் மேல் வைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விட்டால் தெரிந்துவிடும். திரும்ப ரெசின் ஊற்றுவதற்கு முன் ஈரம் இல்லாமல் துடைத்துவிடுங்கள்.

சிரிஞ்சில் கழுவும்போது மணிக்கட்டில் தெறித்து, அந்த இடம் சிவந்து அரிக்க ஆரம்பித்தால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், ஐபிஏ வேண்டாம். அடுத்த முறை தொட்டியைத் திறந்த உடனேயே அரிப்பு வருகிறதென்றால் ஒவ்வாமை பிடித்துவிட்டது என்று பொருள். பிரிண்டை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது ரெசின் பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.